எண்களாலான ஒரு தாள்: 18 சொற்களைப் படத்திலிருந்து எடுத்துப் படித்த விதம்

கேள்வி: “பழைய புத்தகம் ஒன்றுக்குள் மடித்து வைத்திருந்த தாளின் படம் இது. முழுக்க இரண்டிலக்க எண்கள். சாய்கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்துகள் எது அதிகம், எது குறைவு என்ற பட்டியலோடு பொருத்திப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இதைப் படிக்க முடியுமா? விடை மட்டும் போதாது, ஒவ்வொரு எழுத்தையும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.”

படிக்க முடியும். அதற்கு முன் படத்தைச் சரியாகப் பெயர்த்து எழுதியாக வேண்டும். இந்த வகைச் சங்கேதத்தில் பாதித் தோல்வி அங்கேதான் நடக்கிறது. எழுதியவர் கையில் 1-உம் 7-உம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன. 3-உம் 8-உம் அப்படியே. படத்தைப் பெரிதாக்கி, நீல மை என்பதால் சிவப்பு வண்ண அடுக்கை மட்டும் பிரித்துப் பாருங்கள்; மை கறுத்துத் தெளியும். தெளிவாகத் தெரியும் ஒரு 7-ஐயும் ஒரு 1-ஐயும் மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அவற்றோடு ஒப்பிடுங்கள். ஐயம் உள்ள இடத்தில் ஊகித்து எழுதாமல் கேள்விக்குறி போடுங்கள். ஒரு தவறான எண், அதைத் தொட்டு நிற்கும் எல்லா முடிவுகளையும் கெடுத்துவிடும். சாய்கோடுகளைச் சொல் பிரிப்பாக எடுத்துக்கொண்டு, சொல்லுக்கு ஒரு வரியாக எழுதினால் இப்படி வருகிறது:

```
 1.  37 14 34 12
 2.  21 14 36 12
 3.  21 27 11 12
 4.  25 27 37 24 14 36
 5.  18 27 11 12 30 27
 6.  25 22 16 16 35 36
 7.  33 14 24 24 35 13 19 33 33 27 25 19 21
 8.  21 27 11 12
 9.  35 36 36 12
10.  31 28 20 14 36
11.  21 27 13 27 24 24 27 16 35 30 35 36
12.  37 35 20 33 27 25 19 21
13.  33 27 16 35 24 27 24 24 12
14.  30 14 13 35 16 2? 21 19 21
15.  33 14 16 16 27
16.  25 38 29 16 14 21
17.  18 27 16 35 24 24 27 24 19 21
18.  31 13 35 24 24 19 25 35 16 27 25 19 21
```

14-ஆம் சொல்லில் மடிப்பு விழுந்த இடத்தில் ஓர் இலக்கம் தெரியவில்லை. அது 21-ஆகவும் இருக்கலாம், 27-ஆகவும் இருக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம். அதை விட்டால் கையில் இருப்பவை 127 எண்கள். அவற்றுள் வெவ்வேறானவை 23.

இந்த 23 தான் முதல் தடயம். தமிழில் எழுதும் ஒவ்வொரு எழுத்துக்கும், அதாவது க, கா, கி, க் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்திருந்தால், இந்த நீளத்தில் வகைகள் இதைவிட மிக அதிகமாக வந்திருக்கும். பலவும் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கும். 23 என்பது இரண்டுக்கு இடம் தருகிறது: 26 எழுத்துள்ள ஆங்கிலம், அல்லது உயிரையும் மெய்யையும் பிரித்து எழுதிய தமிழ். பின்னதில் ‘கா’ என்பது க், ஆ என்று இரண்டு எண்களாக வரும். எது என்று முடிவு செய்ய, ஒரே எண் அடுத்தடுத்து வரும் இடங்களை எண்ணிப் பாருங்கள். 24 24 ஐந்து முறை, 16 16 இரண்டு முறை, 33 33 ஒரு முறை, 36 36 ஒரு முறை. 18 சொற்களில் ஒன்பது இரட்டிப்பு ஆங்கிலத்துக்கு அதிகம். க்க, த்த, ட்ட என்று அடுக்கும் தமிழுக்கு அது இயல்பு. இன்னொன்று: 18 சொற்களும் 12, 21, 36, 27 என்ற நான்கே எண்களில் முடிகின்றன. தமிழில் சொல்லின் கடைசியில் எல்லா எழுத்தும் நிற்காது என்பதோடு இது ஒத்துப்போகிறது. நீங்கள் ஆங்கிலப் பட்டியலைப் பொருத்தியது பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

இனி நிகழ்வெண். 27 பதினாறு முறை, 24 பதின்மூன்று, 35-உம் 21-உம் பதினொன்று, 16 பத்து, 14 எட்டு; 12, 19, 25, 36 ஏழு ஏழு; 33 ஆறு; மற்றவை நான்கும் அதற்குக் கீழும். இந்த வரிசையைத் தமிழின் பொதுவான நிகழ்வெண் வரிசையோடு மேலிருந்து கீழாக ஒட்டிவிடத் தோன்றும். ஒட்டாதீர்கள். நூற்றுச் சொச்சம் எழுத்தில் முதலிடம் ஓரளவு நம்பகமானது. இரண்டாம் இடத்துக்குப் பிறகு செய்தியின் பொருளே வரிசையைக் கலைத்துவிடும். 27 ‘அ’ ஆக இருக்கலாம் என்ற ஒன்றை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். அதிலும் ஓர் உறுத்தல் உண்டு: ‘அ’ தமிழில் அடிக்கடி சொல்லைத் தொடங்கும் எழுத்து, ஆனால் 27 இங்கே எந்தச் சொல்லின் முதலிலும் இல்லை. ஆகவே இது ஊகம்தான்.

நிகழ்வெண்ணைவிட உறுதியானது, எந்த எழுத்து எதன் பக்கத்தில் நிற்கும் என்பது. தமிழில் மூன்று விதிகள் போதும். ஒரு சொல்லுக்குள் உயிரும் உயிரும் அடுத்தடுத்து வராது (செய்யுளின் அளபெடை வேறு கதை). எந்தச் சொல்லும் இரண்டு மெய்யோடு தொடங்காது. மெய் இரட்டித்தால் அடுத்து உயிர்தான் வரும். மூன்றாவதிலிருந்து தொடங்குவோம். இரட்டித்த 24, 16, 33, 36 நான்கும் மெய். இவற்றின் இரட்டிப்புக்குப் பின் வருபவை 35, 27, 12, 19. இந்த நான்கும் உயிர். அடுத்து இரண்டாவது விதி: 15-ஆம் சொல் 33 14 என்று தொடங்குகிறது, 33 மெய் என்பதால் 14 உயிர். 4-ஆம் சொல்லில் 25-ஐ அடுத்து 27 வருகிறது, ஆகவே 25 மெய். அப்படியானால் 6-ஆம் சொல்லின் 22-உம் 16-ஆம் சொல்லின் 38-உம் உயிர். 18-ஆம் சொல் 31 13 35 என்று தொடங்குகிறது; 35 உயிர் என்பதால் 13 மெய், எனவே அதற்கு முன் முதலில் நிற்கும் 31 உயிர். ஓர் எழுத்தைக்கூடப் பெயர் சொல்லி ஊகிக்காமல் எட்டு உயிர்கள் கிடைத்துவிட்டன: 27, 35, 14, 12, 19, 31, 22, 38. மீதி 15-உம் மெய். இந்தப் பிரிவினையோடு 18 சொற்களையும் ஓட்டிப் பார்த்தால் இரண்டு உயிர் ஒட்டி நிற்கும் இடம் ஒன்றுகூட இல்லை. தமிழ்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

38 ஒரே ஒரு முறைதான் வருகிறது. 3-உம் 8-உம் குழம்பும் கையெழுத்தில் அது 33-ஆக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். 33 என்றால் 16-ஆம் சொல் மெய் மெய் மெய் மெய் என்று தொடங்கும். நடக்காது. 38 தான்.

மடிப்பில் மறைந்த இலக்கமும் இதே வழியில் தெளிகிறது. 14-ஆம் சொல்லில் அது 21 ஆக இருந்தால் 16 21 21 என்று வரும்: ஒரு மெய், அதன் பின் இரட்டித்த மெய். தமிழில் இரட்டிப்புக்கு முன் இன்னொரு மெய் நிற்கலாம்தான். ஆனால் ‘வாழ்க்கை’, ‘பார்த்து’, ‘வாய்ப்பு’ என்பவற்றில் போல அது ய், ர், ழ் மட்டுமே. இவற்றுள் ர், ழ் இரண்டும் இரட்டிக்கா. 16 இரண்டு இடங்களில் இரட்டிக்கிறது. மிஞ்சும் ய் பத்து முறை, அதுவும் ஒருமுறைகூடச் சொல்லைத் தொடங்காமல் வருவது நம்பும்படி இல்லை. எனவே மறைந்தது 27. மொத்தம் 128 எண்கள், 27-க்குப் பதினேழு.

இப்போது பெயர் வைக்கலாம். சொல்லின் கடைசியில் நிற்கும் மெய்கள் 21, 36 இரண்டே. 21 ஆறு சொற்களை முடிக்கிறது, நான்கு சொற்களைத் தொடங்கவும் செய்கிறது. இக்காலத் தமிழில் இப்படி முதலிலும் கடைசியிலும் தாராளமாக நிற்கும் மெய் ம் தான். 36 நான்கு சொற்களை முடிக்கிறது, எதையும் தொடங்கவில்லை, இரட்டிக்கிறது: ல், ன், ள் மூன்றில் ஒன்று. ஐந்து சொற்கள் 19 21 என்று முடிகின்றன. ஒன்று 14 21 என்று முடிகிறது. ம் என்ற முடிவுக்கு முன் வழக்கமாக வரும் உயிர்கள் அ, உ, ஆ. அ-வை 27-க்குக் கொடுத்துவிட்டால் 19-உம் 14-உம் உ, ஆ ஆகும், ஏதாவதொரு வரிசையில். இரண்டு சொற்கள் 14 36 என்று முடிகின்றன. 14 ஆ என்றால் அது ‘-ஆல்’ ஆகலாம், ‘வந்தால்’ போல. 14 உ என்றால் ‘-உல்’, ‘-உன்’ போன்ற அரிய முடிவுகள் இரண்டு முறை வரும். எனவே 14 ஆ, 19 உ.

9-ஆம் சொல் 35 36 36 12. இங்கே இரண்டு விடைகள் கண்ணுக்குப் படும்: ‘இல்லை’, ‘உன்னை’. இரண்டாவது கவர்ச்சியானது, ரகசியக் கடிதத்துக்குப் பொருத்தமாகவும் தோன்றும். அதை எடுத்தால் 35 உ ஆகும், 36 ன் ஆகும். உடனே 6-ஆம், 11-ஆம் சொற்கள் ‘-உன்’ என்று முடிய வேண்டும். இப்போதுதான் உறுதி செய்த ‘-உம்’ முடிவுகளும் உடையும். ‘இல்லை’ என்றால் அந்த இரண்டு சொற்களும் ‘-இல்’ என்று முடிகின்றன, தமிழின் மிகச் சாதாரணமான வேற்றுமை உருபு. 12 ஏழில் ஆறு முறை சொல்லின் கடைசியில் நிற்பதும் ஐகாரத்துக்கே உரிய போக்கு. 35 இ, 36 ல், 12 ஐ. ஒரு சொல் அழகாகப் பொருந்துகிறது என்பது சான்றல்ல. அதே எண்கள் வேறு சொற்களிலும் கெடாமல் நிற்க வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: பிடித்த சொல்லைக் காப்பாற்ற மற்ற சொற்களில் எழுத்துப்பிழை இருப்பதாகச் சொல்லத் தொடங்குவார்கள்.

மூன்று சொற்களின் முடிவில் 27 25 19 21 வருகிறது: அ, ஏதோ மெய், உம். 25 சொல்லைத் தொடங்குகிறது, இரட்டிக்கவில்லை. ‘அனுப்பவும்’, ‘எழுதவும்’ என்று ஒருவருக்கு அறிவுறுத்தும் வடிவம் நினைவுக்கு வந்தால் 25 வ். இது வலுவான ஊகம். 4-ஆம் சொல் இப்போது வ் அ 37 24 ஆ ல். 37 இரண்டு சொற்களைத் தொடங்கும் எண். இங்கே வேறொரு மெய்க்கு முன்னும் நிற்கிறது. சொல்லைத் தொடங்கும் மெய்களில் க், ச், த், ப் நான்கும் தம்மையன்றி வேறு மெய்யை அடுத்து ஏற்கா. ம்-உம் வ்-உம் ஏற்கெனவே போய்விட்டன. ய் என்றால் 12-ஆம் சொல் ‘யி’ என்று தொடங்க வேண்டும். தமிழ்ச் சொல் எதுவும் அப்படித் தொடங்காது. மிஞ்சுபவை ந், ஞ். ந்-க்குப் பின் த், ஞ்-க்குப் பின் ச். ‘வந்தால்’ சொல், ‘வஞ்சால்’ சொல்லல்ல. 37 ந், 24 த். ஐந்து முறை இரட்டித்த எண் த் ஆக அமைவதும், அதுவே மெய்களில் முதலிடம் பெற்றிருப்பதும் எதிர்பார்க்கக் கூடியவையே.

16 பத்து முறை வந்தும் எந்தச் சொல்லையும் தொடங்கவில்லை, முடிக்கவும் இல்லை, ஆனால் இரட்டிக்கிறது: ட் அல்லது ற். 13-ஆம் சொல் 33 அ 16 இ த் அ த் த் ஐ. ‘-தத்தை’ என்ற வாலைப் பார்த்தால் ‘கடிதத்தை’ தானாக வருகிறது. 33 க், 16 ட். 15-ஆம் சொல் ‘காட்ட’. 16-ஆம் சொல் வ் 38 29 ட் ஆ ம்: ட்-க்கு முன் நிற்கும் மெல்லெழுத்து ண், ஆகவே ‘வேண்டாம்’, 38 ஏ. 7-ஆம் சொல் ‘காத்தி 13 உக்கவும்’: 13 இரட்டிக்கவில்லை, சொல்லைத் தொடங்கவும் இல்லை, ர். ‘காத்திருக்கவும்’. அதே ர் 11-ஆம் சொல்லின் தொடக்கத்தில் ‘மரத்த’ என்று வருகிறது. அதன் முடிவில் இ 30 இ என்று இரண்டு உயிர்களுக்கு நடுவே ஓர் எண். இகரத்துக்குப் பின் வரும் உடம்படுமெய் ய். ‘மரத்தடியில்’. 14-ஆம் சொல் ‘யாரிடமும்’, மடிப்பில் நாம் வைத்த 27 அங்கே ட-வில் இருக்கும் அ. 27 அ என்ற முதல் ஊகமும் இதற்குள் பலமுறை சோதிக்கப்பட்டுவிட்டது.

3-ஆம், 8-ஆம் சொல் ம் அ 11 ஐ. ‘மலை’ அல்ல, ல் வேறு எண். ‘மழை’, ‘மனை’, ‘மறை’ மூன்றும் இன்னும் நிற்கின்றன. 5-ஆம் சொல் 18 அ 11 ஐ ய் அ. 17-ஆம் சொல் 18 அ டித்ததும்: கடித்ததும், நடித்ததும், மடித்ததும், வடித்ததும் நான்குக்கும் மெய்கள் ஏற்கெனவே செலவாகிவிட்டன. ‘படித்ததும்’ மட்டும் மிச்சம், 18 ப். அப்படியானால் 5-ஆம் சொல் ‘பழைய’, 11 ழ். அந்த 11 உண்மையில் 17 என்று எழுதப்பட்டிருந்தாலும் இங்கே கவலையில்லை. மூன்று இடத்திலும் ஒரே உருவமாக இருக்கும்வரை எண்ணின் மதிப்பு எதையும் மாற்றாது. எது எதோடு ஒன்று என்பதே கணக்கு.

12-ஆம் சொல் நி 20 கவும், ‘நிற்கவும்’, 20 ற். 10-ஆம் சொல் 31 28 ற் ஆ ல். ற்-க்கு முன் ன். ‘என்றால்’ அல்லது ‘ஒன்றால்’. 18-ஆம் சொல் 31 ரித்துவிடவும். ‘ஒரித்து’ என்ற சொல் இல்லை, ‘எரித்து’ உண்டு. 31 எ.

மிஞ்சியவை 34, 22. ஒரே ஒரு முறை வரும் எண்களுக்கு நிகழ்வெண் எதுவும் சொல்லாது. இவை இரண்டும் சொல்லை வைத்தே தீர வேண்டியவை. 1-ஆம் சொல் நா 34 ஐ. பயன்படாத மெய்கள் ங், ச், ஞ், ள் நான்குதான். ‘நாளை’ தவிர வேறு வழியில்லை. 6-ஆம் சொல் வ் 22 ட்டில். பயன்படாத உயிர்கள் ஈ, ஊ, ஒ, ஓ, ஔ. வகரம் ஊ, ஒ, ஓ-வோடு தமிழ்ச் சொல்லைத் தொடங்காது. ஔ அரிது, அதோடு பொருளும் வராது. ‘வீட்டில்’.

முழுச் செய்தி: நாளை மாலை மழை வந்தால் பழைய வீட்டில் காத்திருக்கவும். மழை இல்லை என்றால் மரத்தடியில் நிற்கவும். கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். படித்ததும் எரித்துவிடவும்.

சொற்கள் உறுதி. தாளில் நிறுத்தக்குறி எதுவும் இல்லாததால் முற்றுப்புள்ளிகள் நான் வைத்தவை. வினைமுற்றுகளை வைத்துப் பிரித்தேன், வேறு விதமாகப் பிரிக்க வழி தெரியவில்லை. ‘மழை’ வானிலையா, அவர்களுக்குள் வைத்துக்கொண்ட குழூஉக்குறியா என்பதை எழுத்தெண்ணிக்கை சொல்லாது. யார் யாருக்கு எழுதியது, எந்த ஆண்டு என்பதற்கும் இந்த எண்களில் சான்றில்லை. சொல் முதல், சொல் இறுதி பற்றி நான் பயன்படுத்திய விதிகள் தமிழ்ச் சொற்களுக்கானவை. எழுதியவர் ‘டிக்கெட்’, ‘பிளாட்பாரம்’ போன்ற சொற்களைக் கலந்திருந்தாலோ, பேச்சு வழக்கில் எழுதியிருந்தாலோ, ட் சொல்லைத் தொடங்காது என்பது போன்ற முடிவுகள் ஏமாற்றியிருக்கும். அப்போது இதே நீளம் போதாமலும் போகலாம். சொல் பிரிப்பே இல்லாமல் எண்கள் தொடர்ச்சியாக இருந்திருந்தால் மேலே செய்ததில் பாதி வழி அடைபட்டிருக்கும். இரட்டிப்பும் உயிர் மெய் பிரிவினையும் மட்டுமே கைகொடுத்திருக்கும்.

எண்களின் ஒதுக்கீட்டில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. உயிர்கள் ஓரிடத்திலும் மெய்கள் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் வந்திருப்பவை 11-க்கும் 38-க்கும் இடைப்பட்டவை. பட்டியல் 10 முதல் 39 வரை என்றால் சரியாக 30 எண்கள், 12 உயிருக்கும் 18 மெய்க்கும். வராத எண்கள் 10, 15, 17, 23, 26, 32, 39 ஏழு. வராத எழுத்துகளும் ஊ, ஒ, ஓ, ஔ, ங், ச், ஞ் ஏழு. இது பொருந்திவரும் கணக்குதான், நிரூபணம் அல்ல. வராத ஏழில் எந்த எண் எந்த எழுத்து என்று இந்தத் தாளிலிருந்து சொல்ல முடியாது. அந்தப் புத்தகத்தில் இன்னொரு தாள் கிடைத்தால், இந்த ஏழில் இரட்டித்து வருவதை ச் என்றும், 33-க்கு முன் மட்டுமே நிற்பதை ங் என்றும், அந்த ச்-க்கு முன் நிற்பதை ஞ் என்றும் வைத்துப் பாருங்கள். மீதி நான்கும் உயிர்கள். சொல் முதலில் வருபவற்றில் ஒ, ஓ தேடுங்கள்.